‘டைம் கிடைக்கும்போது சொல்லுங்க மேடம்’ – இந்த மெசேஜுக்கு ஏன் பதில் வராது?

ஆராய்ச்சி உதவியாளர்கள் பலரும் வழிகாட்டிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் இப்படித்தான் இருக்கும்:

“மேடம், டேட்டா க்ளீனிங் போயிட்டிருக்கு. வருமான காலம்ல நிறைய பிளாங்க் இருக்கு. என்ன பண்றதுனு தெரியல. டைம் கிடைக்கும்போது சொல்லுங்க.”

மரியாதையில் குறை இல்லை. ஆனால் பதில் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ‘நிறைய’ என்றால் 5 வீடா, 50 வீடா? அதைக் கேட்கவே மேடம் ஒரு மெசேஜ் போடணும். அதனால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று போனை கீழே வைத்துவிடுவார்.

இதையே மாற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் எண்ண வேண்டியிருக்கும். 240 வீடுகளில் 31 வீட்டுக்கு வருமானம் பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். யார் எடுத்த வீடுகள் என்று பிரித்துப் பார்த்தால், 26 வீடுகள் ஒரே களப்பணியாளர் எடுத்தவை. அவர் எடுத்ததே மொத்தம் 40 வீடுதான். மற்றவர்கள் எடுத்த 200 வீடுகளில் பிளாங்க் வெறும் 5. இப்போது பிரச்னையே வேறு! இந்த 31 வீட்டையும் சும்மா நீக்கினால், அந்த ஒரு பகுதியே கணக்கிலிருந்து பாதிக்கு மேல் காணாமல் போகும்.

இனி மெசேஜ் இப்படி வரும்:

“மேடம், 240 வீடுகளும் சரிபார்த்தாச்சு. 31-ல் வருமானம் இல்லை. அதில் 26 ஒரே களப்பணியாளர் எடுத்தது (அவர் எடுத்தது 40). அவர் கேட்கவில்லையா, மக்கள் சொல்ல மறுத்தாங்களா என்று இன்னும் தெரியாது.

கேள்வி: அந்த 26 வீட்டுக்கும் போனில் திரும்பக் கேட்கலாமா? ஒப்புதல் படிவத்தில் அதற்கு அனுமதி இருக்கு. 2 நாள் ஆகும். கேட்கலாம் என்பது என் கருத்து. வியாழன் மாலைக்குள் சொன்னால் வெள்ளி ஆரம்பிக்கிறேன். அதுவரை எதையும் நீக்கவில்லை. மற்ற காலம்களைப் பார்க்கிறேன்.”

இதற்கு ‘சரி, கேளுங்க’ என்று இரண்டு வார்த்தையில் பதில் போட்டுவிடலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஒன்று, சுருக்கம் என்ற பெயரில் சந்தேகத்தை வெட்டக் கூடாது. ‘26 ஒரே ஆள் எடுத்தது’ என்பது எண்ணிப் பார்த்த உண்மை. ‘அவர் ஏமாற்றிட்டார்’ என்பது ஊகம். இரண்டும் ஒரே வரியில் கலந்தால், ஒருவர் வேலைக்கே சிக்கல் வரலாம். இரண்டு, பதில் வராவிட்டால் செய்வதாகச் சொல்லும் வேலை, பிறகு திரும்பப் பெறக் கூடியதாக இருக்கணும். வரிசையை நீக்குவது அப்படிப்பட்டதல்ல.

வழிகாட்டிகளுக்கும் ஒன்று: இப்படிக் கெட்ட செய்தியை எண்ணிக்கையோடு சொல்பவரை முதல் தடவையே கடிந்துகொண்டால், அடுத்த வாரம் ‘எல்லாம் போயிட்டிருக்கு மேடம்’ என்ற மெசேஜ்தான் வரும்.