கட்டணம் யார் கணக்கிலிருந்து போனது?

"அது வங்கிக்குக் கொடுத்த அறிக்கை. வீடு வாங்கியவருக்கும் எனக்கும் என்ன ஒட்டு உறவு?" என்று கேட்கிறார் கடலூர் மதிப்பீட்டாளர் ஒருவர். ‘பிறர் இதை நம்பினால் நான் பொறுப்பல்ல’ என்று கடைசிப் பக்கத்தில் அச்சடித்தும் விட்டாராம். அதோடு கணக்கு முடிந்ததாம்.

முடியவில்லை ஐயா. உங்கள் கட்டணத்தை வங்கி யார் கணக்கில் கழித்தது? கடன் கேட்டவர் கணக்கில்தானே! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காசு கொடுத்தவரை மட்டுமல்ல, அவர் ஒப்புதலோடு சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோர் என்கிறது.

இங்கிலாந்தின் நாரிச்சில் இதே வாதம் வைக்கப்பட்டது. ஸ்மித் என்ற பெண்மணி வீட்டுக்கடனுக்காக ஏறக்குறைய 37 பவுண்டு மதிப்பீட்டுக் கட்டணம் கட்டினார். வீட்டுக்குள் புகைபோக்கியைத் தாங்கிய சுவர் இடிக்கப்பட்டிருந்ததை மதிப்பீட்டாளர் பார்த்தார். மேலே மிஞ்சியது எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. சுமார் ஒன்றரை ஆண்டில் அது கூரையைப் பிளந்து உள்ளே விழுந்தது. அறிக்கையில் ‘பொறுப்பல்ல’ வாசகம் இருந்தது. 1989-ல் பிரபுக்கள் சபை அதை ஒதுக்கித் தள்ளியது: சாதாரண வீடு வாங்குபவர் இந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும். நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது; வணிகக் கட்டடங்களுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் காசு கட்டியவர் யார், அறிக்கையை நம்பியவர் யார் என்ற கேள்வி நம்மூருக்கும் பொருந்தும்.

அடுத்து, "விலை என்பது வெறும் கருத்து" என்கிறார். சிதம்பரம் புறநகரில் ஒரு மனை என்று வையுங்கள். விற்பவர் கைகாட்டியது சாலையோர மனை. பத்திரத்தில் இருப்பதோ பின்னால் உள்ள பள்ளம். பத்திரத்தின் செக்குபந்தியில் வடக்கே வாய்க்கால். அறிக்கைப் படத்தில் வடக்கே தார்ச்சாலை. புலப்படத்தை விரித்து நாடா பிடித்திருந்தால் பத்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். கருத்தில் பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம், யாரும் வழக்குப் போடப்போவதில்லை. வேறொரு மனைக்கு விலை சொல்வது கருத்தா?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மனைக்கு 40 லட்சம் என்று எழுதினீர்கள், உண்மை மதிப்பு 33 லட்சம். வங்கி 32 லட்சம் கொடுத்தது. தவணை நின்றது; அதற்குள் சந்தையும் சரிய, ஏலத்தில் 20 லட்சம்தான் வந்தது. வட்டியை விட்டுவிட்டால் நட்டம் 12 லட்சம். 1996-ல் அதே பிரபுக்கள் சபை வகுத்த வரம்புப்படி, கவனக்குறைவாக மதிப்பிட்டவர் கூட்டிச் சொன்ன தொகைக்குமேல் ஈடு தர வேண்டியதில்லை. அதாவது 7 லட்சம். மீதி 5 லட்சம் சந்தையின் பாவம். அதை மட்டும் தள்ளச் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் கேட்பதோ பன்னிரண்டையும்.