ஓய்வு நாளில் ‘வருகை’ போட்டது யார்?

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கும் ஒருவர் இ.எஸ்.ஐ.யில் பணப்பலன் கேட்டால், அவர் மருத்துவச் சான்றில் உள்ள ஓய்வு நாட்களை ஆலையின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது. ‘இந்த நாட்களில் இவர் வேலைக்கு வந்தாரா, கூலி வாங்கினாரா’ என்று கிளை அலுவலகம் முதலாளியிடம் கேட்கும் படிவம் 10 அது. முதலாளி நிரப்பி அனுப்புவார். சான்றில் ஓய்வு என்றும் பதிவேட்டில் வருகை என்றும் இருந்தால், பொய் சொன்னவர் தொழிலாளி என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் முடிவு.

இந்த முடிவைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். ஒப்பிடுவதை அல்ல. ஒப்பிடட்டும், நாமும் ஒப்பிடுவோம். ஆனால் இரண்டு தாள்கள் முரண்படும்போது, எந்தத் தாளை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று கேட்காமல் ஒன்றை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்வது விசாரணை ஆகாது. சான்று, தொழிலாளியை நேரில் பார்த்த இ.எஸ்.ஐ. மருத்துவர் அன்றைய தேதியிட்டு எழுதியது. பதிவேடு, ஆலைக் கணக்குப்பிள்ளை எழுதியது. உற்பத்தி அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது வெடிபொருள் விதி. விதியை மீறி ஆள் உட்கார வைக்கும் ஆலையில் பதிவேட்டில் மட்டும் உண்மை எழுதினால் அதுவே முதலாளிக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஆகவே ஆளைக் கூட்டியும் குறைத்தும் எழுதப் பழகிய கை அது. அந்தக் கை எழுதியதை வேதமாக எடுத்துக்கொண்டு, மருந்து அறையில் கை கருகிய ஒரு தலித் பெண்ணைக் குற்றவாளியாக்குவதா?

தோழர்கள் இந்தத் தாள்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். இது யாருடைய கதையும் அல்ல. தாள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று காட்டுவதற்காக நாங்களே போட்ட கணக்கு.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. மருந்து செலுத்தும்போது பொறி தட்டி ஒரு பெண்ணின் வலது கை வெந்துபோகிறது. அன்றே இ.எஸ்.ஐ. மருத்துவர் முதல் சான்று தருகிறார். ஜூன் 18, 25 தேதிகளில் இடைச் சான்றுகள். ஜூலை 1 அன்று இறுதிச் சான்று, ‘ஜூலை 2 முதல் வேலைக்குத் தகுதி’ என்ற குறிப்போடு.

இதில் ஓய்வு நாட்கள் எவை? இ.எஸ்.ஐ. சான்றில் ‘இன்று முதல் இன்று வரை’ என்று ஒரே வரியில் இருக்காது. முதல் சான்றின் தேதியிலிருந்து இறுதிச் சான்றின் தகுதி தேதிக்கு முந்தைய நாள் வரை நாமே கோர்க்க வேண்டும். தகுதி தேதியான ஜூலை 2 ஓய்வு நாள் அல்ல. அந்த நாளையும் ஓய்வில் சேர்த்துவிட்டால், அன்று அவர் வேலைக்குப் போனதே ‘முரண்பாடு’ ஆகிவிடும். இன்னொரு முனையில், ஜூன் 11 அன்று அரைநாள் வேலை பார்த்துக் கூலியும் வாங்கியிருப்பதால் அந்த நாளுக்குப் பலன் இல்லை. ஆக ஜூன் 12 முதல் ஜூலை 1 வரை, இரண்டு நாட்களையும் சேர்த்து, 20 நாள். இடையில் மூன்று ஞாயிறு வருகிறது. பதிவேட்டில் ஞாயிறு வெறுமையாக இருப்பதால் அதைக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. கூலியோடு கூடிய விடுமுறை நாளுக்குத்தான் பலன் கிடையாது. பீஸ் ரேட் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை எந்தக் கூலி வருகிறது?

(தனியார் மருத்துவர் சான்று என்றால் வேறு சிக்கல். ‘12ஆம் தேதி முதல் 10 நாள் ஓய்வு’ என்றால் 21ஆம் தேதியோடு முடிகிறது, 22 அல்ல. சில மருத்துவர்கள் பழைய பழக்கத்தில் 3/7 என்று எழுதுவார்கள். மூன்று நாள் என்று அதற்குப் பொருள். ஒரு வாரத்துக்கு 1/52. 3/7ஐ ஜூலை 3 என்று படித்துவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.)

இப்போது பதிவேட்டுக்கு வருவோம். படிவம் 10இல் ஆலை எழுதுகிறது: ‘ஜூன் 19, ஜூன் 22 ஆகிய இரண்டு நாட்கள் வேலைக்கு வந்துள்ளார்.’

நாட்காட்டியைப் பாருங்கள். ஜூன் 22 சனிக்கிழமை, பட்டுவாடா நாள். விபத்துக்கு முன் செய்த வேலையின் பாக்கிக் கூலியை வாங்க அவர் கட்டிய கையோடு ஆலை வாசலுக்குப் போயிருப்பார். கூலி கொடுத்த நாளிலேயே வருகையும் குறித்துவிடுவது கணக்குப்பிள்ளைக்குச் சுலபம். சட்டம் கேட்பது ‘எந்த நாளில் பணம் கைக்கு வந்தது’ என்பதையல்ல, ‘எந்த நாளுக்கான கூலி’ என்பதை. ஆகவே சம்பளப் பதிவேட்டையும், எத்தனை உருப்படி எந்தத் தேதியில் போட்டார் என்ற துண்டுச் சீட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உருப்படி இல்லாத நாளில் பீஸ் ரேட் தொழிலாளிக்கு வருகை எப்படி வந்தது?

ஜூன் 19 புதன்கிழமை. அன்று உருப்படிக் கணக்கும் இருக்கிறது. ஆனால் கை வெந்தவரால் அத்தனை உருப்படி செய்ய முடியாது. அக்காவின் பெயரில் தங்கை உட்கார்ந்திருக்கலாம். ஒரு பெயரில் இன்னொரு ஆள் வேலை செய்தால், அந்த இன்னொரு ஆளுக்கு விபத்து நடக்கும்போது அவர் ஆலையிலேயே இல்லாதவர் ஆகிவிடுவார். ஆலைக்கு அது லாபம்.

மூன்றாவது சாத்தியத்தையும் மறைக்க வேண்டாம். வாங்கிய முன்பணத்துக்குப் பயந்து, புண் ஆறாத கையோடு அவரே ஒரு நாள் போயிருக்கலாம். அப்படியே இருந்தாலும் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் 63ஆம் பிரிவில் சொன்னது, வேலை செய்த அந்தந்த நாளுக்குப் பலன் இல்லை என்பதே. இரண்டு நாள் போனால் இரண்டு நாள் பலன் போகும், மீதிப் பதினெட்டு நாள் போகாது. இதை அவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தால் தண்டனை உண்டு. அந்தப் பள்ளத்தில் அவரைத் தள்ளிவிடக் கூடாது.

பல தோழர்கள் பார்க்க மறக்கும் மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. மாதாமாதம் சந்தா கட்டும்போது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்த மாதம் எத்தனை நாளுக்குக் கூலி என்று முதலாளி இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தொழிலாளி தன் காப்பீட்டு எண்ணை வைத்து அதைப் பார்க்கலாம். நம் கணக்கில், ஜூன் 1 முதல் 11 வரை இரண்டு ஞாயிறு போக 9 வேலை நாள். ஆலை சந்தாவில் 9 என்று ஏற்றியிருக்கிறது, படிவம் 10இல் 19, 22 தேதிகளிலும் வந்தார் என்கிறது என்றால், அதன்படி 11 வர வேண்டுமே! சந்தா மிச்சம் பிடிக்க ஒரு கணக்கு, தொழிலாளியை மாட்டிவிட இன்னொரு கணக்கு. முரண்பாடு முதலாளியின் இரண்டு கைகளுக்கு இடையில்தான். படிவம் 10இன் நகலைத் தொழிலாளி தன் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் கிளை அலுவலகத்திடம் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய திருட்டு இன்னொன்று. இதே இருபது நாளை ‘நோய்’ என்று காட்டினால் பலன் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலமாகக் கழியும். உரிய சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தாவும் வேண்டும். ‘வேலையில் ஏற்பட்ட காயம்’ என்றால் 90 சதவீதம், 78 நாள் நிபந்தனை இல்லை, விபத்து நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் போனால் கழிவும் இல்லை. தினக்கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். நோய்க்கு 18 நாள், 350 ரூபாய் வீதம் 6,300. காயத்துக்கு 20 நாள், 450 ரூபாய் வீதம் 9,000. இந்த 2,700 ரூபாயை முதலாளி தன் பையிலிருந்து கொடுப்பதில்லை, இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கிறது. பிறகு ஏன் ‘வீட்டில் அடுப்பில் சுட்டுக்கொண்டது என்று டாக்டரிடம் சொல்’ என்கிறார்கள்? காயம் என்றால் விபத்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை எழுதினால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி வரும்.

இங்கே அதே ஒப்பீடு நம் கருவி ஆகிறது. முதல் சான்றின் தேதி ஜூன் 11, நோய்க் குறிப்பில் தீப்புண். பதிவேட்டில் ஜூன் 11 வருகை, 12 முதல் வெறுமை. காலையில் நல்ல கையோடு வேலைக்கு வந்தவர் அன்றே தீப்புண்ணோடு மருத்துவமனையில் நிற்கிறார், ஆலையில் விபத்து அறிக்கை இல்லை! இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுத்து, இது வேலைக் காயம் என்று ஏற்கும்படி கேட்க வேண்டும். மருத்துவரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. அடுப்பு என்று எழுதிவிட்ட பிறகு மாற்றுவது கடினம், உடன் இருந்தவர்களின் சாட்சி வேண்டும். அவர்களும் நாளைக்கு அதே ஆலைக்குப் போக வேண்டியவர்கள்.

ஓய்வில் இருக்கும்போதே பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு ‘நின்றுவிட்டார்’ என்று எழுதுவதும் நடக்கிறது. அடித்த தேதி சான்றின் ஓய்வு நாட்களுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், பலன் பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கும் அறிவிப்பு செல்லாது என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு.

பதிவேட்டிலேயே பெயர் இல்லாதவர்களுக்கு? 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த ஆலை, உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை பல உள்குத்தகைக்காரர் கையிலுமாக நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒப்பிடப் பதிவேடே இருக்காது. ஆனாலும் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆளுக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு. சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம் என்றால், கழகம் பலனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இங்கே மருத்துவச் சான்று ஒன்றே அந்தத் தொழிலாளி இருந்ததற்கான தாள்.

இந்தத் திட்டத்துக்கான அடித்தள அறிக்கையை பி.பி.அடார்கர் கொடுத்தது 1944இல். அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்தது. அவருடைய படத்தை மாட்டியிருக்கும் அலுவலகங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். படிவம் 10இல் ‘வேலைக்கு வந்தார்’ என்று எழுதும் ஆலை, அந்தந்தத் தேதியின் பதிவேட்டுப் பக்கத்தையும் உருப்படிக் கணக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவை இரண்டையும் தொழிலாளியிடம் காட்டி, அவர் தரப்பை எழுத்தில் வாங்கும் வரை, முரண்படாத நாட்களுக்கான பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. நம் கணக்கில் அது 18 நாள், 8,100 ரூபாய்.