"பயணச் செலவு தனி" என்னும் மூன்று சொற்கள்

மணப்பெண் அலங்காரம் செய்யும் சகோதரிகள் இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தை இட்டு, அதன் கீழே சில வரிகள் எழுதுகின்றனர். டிரையல் உண்டு, சில்வர், கோல்ட், பிளாட்டினம் என மூன்று பேக்கேஜ்கள் உண்டு, வெளியூர் எனில் பயணச் செலவு தனி. நம் வீடுகளில் இதைப் பார்த்தவுடன் முன்பணம் அனுப்பிவிடுகிறோம். ஃபிக்ஹின் பார்வையில் அந்த வரிகள் ஓர் அழைப்பே, ஒப்பந்தமாகா. வேலையும் கூலியும் இரு தரப்புக்கும் தெரிந்த பின்னரே இஜாரா சரியாக அமையும். தெரியாத கூலியில் 'கரர்' என்னும் மயக்கம் நுழைந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொட்டச்சேட்டில் காலை 11 மணிக்கு நிகாஹ். சேலத்திலிருந்து அலங்காரக் கலைஞர் வரவேண்டும். கோல்ட் பேக்கேஜ் 15,000 ரூபாய், முன்பணம் 5,000. மீதி 10,000, அத்துடன் காருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ ஆகும் எனப் பெண் வீட்டார் எண்ணுகின்றனர். அலங்காரம் முடிந்ததும் கேட்கப்படுவதோ 16,500. கார் வாடகை 4,000, உதவியாளருக்கு 1,500, விடியற்காலையில் புறப்பட்டதற்கு 1,000. மணமகள் மேடைக்குச் செல்லும் நேரத்தில் வாசலில் பேரம் நடக்கிறது.

இங்கே கலைஞர் ஏமாற்றினார் என்று சொல்லிவிட இயலாது. மலைக்கு வரும் வாடகைக் காருக்குப் போக வரக் கிலோமீட்டர் கணக்கு, காத்திருப்பு, ஓட்டுநர் பேட்டா, அதன்மேல் மலைக்கான கூடுதல் தொகை என்று உண்மையாகவே செலவு ஏறுகிறது. பாதையும் ஒன்றன்று. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு நகரத்துக்குள் சென்று வரலாம். குப்பனூர் வழியாகவும் ஏறலாம். கொட்டச்சேடு குப்பனூர் சாலையில் உள்ள ஊர். ஆகவே 'ஏற்காடு வரை இவ்வளவு' என்று சொன்ன தொகை இவ்வூருக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. மழையில் மண் சரிந்து ஒரு சாலை அடைபட்டால் வண்டிகள் மற்றொன்றுக்குத் திருப்பப்படும். எனவே எந்தச் சாலை, யாருடைய வண்டி, எத்தனை பேர், சாலை மாறினால் கூடுதல் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசி, ஒரே தொகையாக முடித்துக்கொள்வதே நல்லது. இருள் பிரியுமுன் புறப்படும் பெண்ணுடன் அவருடைய மஹ்ரம் வருவாரெனில், அவருக்கும் அக்காரில் ஓர் இருக்கை உண்டு என்பதைக் குடும்பத்தார் முகம் சுளிக்காமல் ஏற்கவேண்டும்.

கூலி பேசாமல் வேலை முடிந்துவிட்டால் என்ன செய்வது? அவ்வேலைக்கு அவ்வூரில் வழக்கமாகக் கொடுக்கப்படும் கூலி கடமையாகும் என்று ஃபுகஹாக்கள் கூறுவர். "நீங்கள் முதலில் சொல்லவில்லையே" என்று கூறி ஒன்றுமே தராமல் அனுப்புவதற்கு அனுமதி இல்லை.

பேக்கேஜின் பெயர்களில் பொருள் ஏதுமில்லை. ஒருவரின் கோல்ட் மற்றொருவரின் சில்வராக இருக்கலாம். கூந்தல் அலங்காரம், புடவை கட்டுதல் அல்லது ஹிஜாப் அமைத்தல், மாலை வலீமாவுக்கு இரண்டாவது அலங்காரம் ஆகியவற்றுள் எவை அடங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உயர்ந்த பேக்கேஜில் புருவம் மழித்தலும் ஒட்டு முடியும் சேர்ந்தே வருவதுண்டு. அவை நமக்கு விலக்கப்பட்டவை. வேண்டாமென்று முன்பே சொல்லிவிடலாம்.

டிரையலைப் பலர் வீண் செலவென நினைக்கின்றனர். நம் கருத்து வேறு. ஒவ்வாமை இருந்தால் திருமண நாளுக்கு முன்பே தெரியும். விளக்கொளியில் பொருந்திய நிறம் பகல் வெளிச்சத்தில் சாம்பல் பூத்தாற்போல் தோன்றலாம். ஆகவே வாசலுக்கு வந்து பார்க்கவேண்டும். நீர் புகாத பூச்சின்மேல் ஒளூச் செய்தால் தண்ணீர் தோலைச் சென்றடையாது. நகப்பூச்சும் அப்படியே. லுஹருக்கு எப்படி ஒளூச் செய்வது, பூச்சைக் கலைத்து மீண்டும் போட எவ்வளவு நேரமாகும் என்பதை டிரையல் நாளிலேயே கேட்டறியலாம். டிரையல் கட்டணம் பேக்கேஜில் கழியுமா, தனியா என்பதும் அன்றே தெளிவாகட்டும்.

எஞ்சியிருப்பது, "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்னும் வரி. இதற்கு 'உர்பூன்' என்று பெயர். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இதனை ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் ஏற்கிறது. 1993-இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் கூடும் எனத் தீர்மானித்தது. நமக்காக ஒரு தேதியை ஒதுக்கியவர் வேறு வேலையை இழக்கிறார் என்பதும் உண்மையே. இன்ன தேதிக்குள் ரத்துச் செய்தால் முழுத்தொகையும் திரும்பும், அதன்பின் அவருக்கு நேர்ந்த உண்மையான இழப்பு மட்டும் கழியும் என்று இருவரும் வாட்ஸ்அப்பில் எழுதி, "சம்மதம்" என்று பதிலும் பெற்ற பிறகு பணத்தை அனுப்புங்கள்.