போற வழியில அத்தை வீடு: எத்தனை லிட்டர், எத்தனை மணி?

குடும்பத்தோடு காரில் வெளியூர் கிளம்பும்போது "அப்படியே போற வழியில அத்தையையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று ஒரு குரல் வரும் பாருங்க, அந்த "அப்படியே"வுக்கு எவ்வளவு செலவு என்று சரியாகக் கணக்குப் போடும் வீடு ரொம்பக் குறைவு என்பது என் கருத்து. பணத்தை அதிகமாகவும் நேரத்தைக் குறைவாகவும் போட்டுவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த பாதையையே எடுத்துக்கிறேன். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும், அத்தை இருப்பது புதுக்கோட்டையில். அப்பாக்கள் உடனே சொல்வது: "புதுக்கோட்டை 55 கிலோமீட்டர். போக வர 110. ஆறு லிட்டர் பெட்ரோல், 600 ரூபாய் தண்டம்." அம்மாக்கள் சொல்வது: "வழிதானே, அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்." ரெண்டுமே தப்பு!

அப்பா ஏன் தப்பு? அத்தை வீட்டிலிருந்து யாரும் திருச்சிக்குத் திரும்பப் போவதில்லை. அங்கிருந்து திருமயம், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், குழப்பிக்காதீங்க), மேலூர் வழியாக நேரே மதுரை போய்விடலாம். அது சுமார் 110 கி.மீ. ஆக மொத்தம் 165. நேர் வழியில் போனாலும் 135 கி.மீ. போய்த்தான் ஆகணும். அத்தைக்காகக் கூடுவது வெறும் 30. பி.காம் மக்களுக்கு இது புதுசா என்ன, காஸ்டிங் வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் கேட்ட இன்கிரிமென்ட்டல் காஸ்ட்தான். எப்படியும் ஆகப்போகிற செலவை அத்தை தலையில் கட்டக்கூடாது.

லிட்டருக்கு 18 கி.மீ. தரும் வண்டி என்றால் நேர் வழிக்கு ஏழரை லிட்டர். புதுக்கோட்டை வழியில், டவுனுக்குள் கிளட்சும் பிரேக்குமாக ஊர்ந்து போகும் ஒரு 8 கி.மீ.க்கு மட்டும் மைலேஜ் 10 என்று வைத்தால், மொத்தம் ஒன்பதரை லிட்டர். வித்தியாசம் ரெண்டே லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 ரூபாய். (சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் இதே மாதிரி ரெண்டு வழிக்கும் தனித்தனியாகக் கூட்டிக் கழிக்கணும்.) அப்பா போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போ அம்மா கணக்கு. இங்கேதான் பெரிய ஓட்டை. கூடுவது 30 கி.மீ., நான்குவழிச் சாலை வேகத்தில் 25 நிமிஷம் என்று தோணும். ஆனால் மாறுவது அந்த 30 கிலோமீட்டர் மட்டும் இல்லையே! திருச்சியிலிருந்து மேலூர் வரைக்கும் இருக்கிற நான்குவழிச் சாலையையே விட்டுவிடுகிறோம். அதுக்குப் பதிலாக 135 கி.மீ.யை லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் பின்னால், ஊருக்கு ஊர் வேகத்தடை ஏறி இறங்கிப் போகிறோம். சராசரி 50 கிடைத்தாலே பெரிசு. அதுவே 2 மணி 40 நிமிஷம். புதுக்கோட்டைக்குள் தெரு கண்டுபிடித்து வண்டி நிறுத்த ஒரு கால் மணி, மேலூரிலிருந்து மதுரைக்கு ஒரு 25 நிமிஷம். ஆக 3 மணி 20 நிமிஷம். நேர் வழியில் சராசரி 75 என்றால் 1 மணி 50 நிமிஷம்தான். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம், அத்தை வீட்டு வாசலில் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை! (திருமயம் கோட்டையைப் பார்த்துவிட்டுத் தம்பி இறங்கணும் என்பான், அது தனி.)

கூகுள் மேப்ஸில் நடுவில் ஒரு நிறுத்தம் சேர்த்துப் பார்த்தாலும் பயண நேரம்தான் வரும். காபி, "சாப்பிட்டுத்தான் போகணும்", மாடியில் புதுசாகக் கட்டின ரூமைக் காட்டுவது, வாசலில் நின்று மறுபடி அரை மணிப் பேச்சு, இதெல்லாம் அதில் வராது. ஒரு மணி நேரமாவது நீங்களாகச் சேர்த்துக்கணும். ரெண்டரை மணி ஆச்சா?

இதைக் கிளம்பும்போதே ஒப்புக்கொள்ளாத வீட்டில் என்ன ஆகும்? சாலையில் போன நேரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. முகூர்த்த நேரமும் நகராது. வெட்டுப்படுவது அத்தை வீட்டில் உட்காரும் நேரம்தான். 200 ரூபாயும் ஒன்றரை மணியும் செலவழித்து இருபது நிமிஷம் உட்கார்ந்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிளம்புவது... அத்தைக்கு அது தெரியாதா என்ன? காலையிலிருந்து சமைத்து வைத்திருப்பார்.

அதனால் நான் சொல்வது, அத்தை வீட்டைப் போகும் வழியில் வைக்காதீங்க, திரும்பி வரும் வழியில் வைங்க. தூரமும் பெட்ரோலும் அதேதான், ஆனால் அப்போ எந்த முகூர்த்தமும் காத்திருக்காது. இருட்டுக்கு முன்னால் வீடு சேரணும் என்றால் மட்டும், மதுரையில் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிடுங்க. ராத்திரியில் அந்த ரெண்டுவழிச் சாலையில் எதிர் லாரி வெளிச்சத்தில் சராசரி 50 கிடைக்காது, 40தான்.