ரோஜாப்படம் போட்டது நான்தான். ஆனாலும் அந்த விதி தவறு



நம்ம பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் அட்மின் தம்பி ஒரு விதி போட்டிருக்கிறான். "இனிமேல் காலை வணக்கம், ஸ்டிக்கர், வாய்ஸ் எதுவும் கூடாது. தகவல் மட்டும்." அறுபது பேர் இருக்கிற குழுவில் பாதிப் பேருக்கு மேல் உடனே கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். நான் தூக்கவில்லை. காரணத்தைக் குழுவிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதே வழக்கு எங்கள் குடும்பக் குழுவிலும் நடப்பதால் எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த விதி வரக் காரணமே நான்தான். அன்றைக்கு விடிகாலை 5.40-க்கு உங்களில் ஒருவன் தன் அம்மா இரவு தவறிவிட்டதாகவும், எடுப்பது மாலை நாலு மணிக்கு என்றும் குழுவில் போட்டிருந்தான். 6.10-க்கு அதற்கு நேர் கீழே பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா. "இந்த நாள் இனிய நாளாகட்டும்." அனுப்பியவர்: உங்கள் வாத்தியார்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தச் செய்தியை நான் பார்க்கவே இல்லை. அது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு உங்களுக்கும் நேரும். எனக்கு வந்த படத்தை அழுத்திப் பிடித்து, மேலே இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் பெயர்ப் பட்டியல் வரும். அதில் ஒரே தடவையில் ஐந்து இடம் வரை தொட்டு அனுப்பலாம். (இந்தியாவில் அந்த ஐந்து என்ற எல்லை 2018-ல் வந்தது, வதந்தி பரவக்கூடாதென்று.) அப்படி ஐந்து இடத்துக்கு ஒன்றாக அனுப்பும்போது எந்த வீட்டுக்குள்ளும் நாம் நுழைவதில்லை. உள்ளே கல்யாணமா சாவா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் ஐந்து வாசலிலும் பூவை வீசிவிட்டுப் போகிறோம். நான் செய்தது அதுதான்.

எட்டு மணிக்கு மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. பதறிப்போய் "எல்லாருக்கும் நீக்கு" கொடுத்தேன். படம் போயிற்று. ஆனால் வாட்ஸ்அப்பில் நீக்கினாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி அங்கேயே நிற்கும். சாவுச் செய்திக்குக் கீழே, என் பெயருக்கு நேரே, அந்த வரி. படத்தைப் பார்க்காதவர்கள்கூட சார் என்ன எழுதி அழித்தாரோ என்று யோசித்திருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே அழித்தால் தடயமே இருக்காது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அழித்தேன். ஒரு ஊர் வழக்கத்தை இன்னொரு ஊரில் செய்து மாட்டிக்கொண்டேன்.

இதைவிட மோசம் அதற்கு அடுத்து நடந்தது. ரோஜாவுக்குக் கீழே வரிசையாக 🙏 🙏 🙏. மொத்தம் பதினேழு. அவற்றில் எது அந்த அம்மாவுக்கு அஞ்சலி, எது எனக்குப் பதில் வணக்கம்? போட்டவனுக்குத் தெரியும், படிக்கிறவனுக்குத் தெரியாது. நாம் இந்த ஒரே கையெடுப்பைக் காலை வணக்கத்துக்கும் போடுகிறோம், நன்றிக்கும் போடுகிறோம், சாவுக்கும் போடுகிறோம், சாமி படத்துக்கும் போடுகிறோம். நேரில் கும்பிடும்போது இந்தக் குழப்பம் வருவதில்லை. சாவு வீட்டில் கும்பிடுகிற முகம் வேறு, கல்யாண மண்டப வாசலில் கும்பிடுகிற முகம் வேறு. எமோஜியில் கை மட்டும்தான் இருக்கிறது, முகம் இல்லை.

இதற்கு விதி வேண்டாம், வழி இருக்கிறது. எந்தச் செய்திக்குக் கும்பிடுகிறோமோ அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே சின்னதாக எமோஜிகள் வரும். 2022-லிருந்து இருக்கிறது. அதில் 🙏-ஐத் தொட்டால் அது அந்தச் செய்தியின் காலடியிலேயே ஒட்டிக்கொள்ளும், தனி வரியாக இறங்காது. பதினேழு பேரும் அப்படிச் செய்திருந்தால் அந்தப் பிள்ளையின் செய்திக்குக் கீழே பதினேழு கை நின்றிருக்கும், நடுவில் என் ரோஜா வந்தாலும் கலந்திருக்காது. இரண்டு சொல் எழுதத் தோன்றினால் செய்தியை வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுதுங்கள், எதற்குப் பதில் என்பது மேலேயே தெரியும்.

சரி, இப்போது அட்மின் தம்பியிடம் வருகிறேன். தம்பி, நீ ரோஜாவைத் தடுத்தாய், நல்லது. 2018-லேயே, இந்தியர்களின் போன் நிரம்பிப்போவதற்கு இந்தக் காலை வணக்கப் படங்கள் ஒரு காரணம் என்று கண்டு, அவற்றைத் தேடிப் பிடித்து அழிப்பதற்கென்றே கூகுள் ஒரு வசதி செய்ததாகச் செய்தி வந்தது. அந்தப் புகழில் என் பங்கும் இருக்கும். படத்துக்காக நான் வாதாடவில்லை. உண்மையில் அது வணக்கமே இல்லை. நம்ம ஊரில் காலையில் எதிரே வருகிறவரிடம் யாராவது 'இனிய காலை வணக்கம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "என்னண்ணே, தோட்டத்துக்கா?" என்போம். கையில் மண்வெட்டி இருப்பது தெரிந்தேதான் கேட்கிறோம். "ஆமாப்பா" என்று அவர் சொல்வதோடு காரியம் முடிந்தது. உன்னைப் பார்த்தேன், என்னை நீ பார்த்தாய், அவ்வளவுதான். நம் வணக்கம் ஒரு கேள்வி, ஒரு ஆளைப் பார்த்துக் கேட்பது. ரோஜாப்படம் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் நீ அதோடு சேர்த்துக் குரலையும் தடுத்தாயே, அங்கேதான் எனக்குக் கோபம்.

அன்றைக்குக் குழுவில் ஒரே ஒரு வாய்ஸ் வந்தது. நம்ம லாரிக்காரன் போட்டது. விஜயவாடா பக்கம் எங்கோ டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறான். பதினொரு விநாடி. "டேய், அம்மா கையால எத்தன நாள் சாப்டிருக்கேன்டா... வரமுடியலடா... சாப்புட்டியா நீ?" பின்னால் ஹாரன் சத்தம். அவனுக்குப் போனில் தமிழ் தட்டத் தெரியாது. "விரல் தடிச்சுப்போச்சு சார், ஒண்ணத் தொட்டா மூணு விழுது" என்பான். காரியத்தன்று நான் போயிருந்தபோது அம்மாவை இழந்தவன் என்னிடம் சொன்னது: "சார், எல்லாரும் போட்டாங்க. அவன் பேசுனத மட்டும் நாலு தடவ கேட்டேன்." உன் புது விதிப்படி அது தடைசெய்யப்பட்ட பொருள், தம்பி.

குரல் பதிவை வெறுப்பவர்கள் சொல்லும் நியாயங்கள் எனக்குத் தெரியும், என் பேத்தியே சொல்கிறாள். ஆபீசில் காதில் வைக்க முடியாது. முகவரியோ தேதியோ அதில் இருந்தால் பிறகு தேட முடியாது. மூன்று நிமிடம் "ஆங்... வந்து..." என்று இழுத்தபிறகு விஷயம் வரும். எல்லாம் உண்மை. அவள் என் குரலை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள். அந்த வேகத்தில் நான் நலம் விசாரிப்பது, வீட்டுப்பாடம் எழுதாதவனைத் திட்டுவது மாதிரி இருக்கிறது. ஆகவே நேரமும் இடமும் எழுத்தில் வரட்டும். குரல், நலம் கேட்க மட்டும் வரட்டும், கால் நிமிடத்துக்குள், கூப்பிடுகிற ஆளின் பெயரை முதலில் சொல்லி. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

ஸ்டிக்கருக்கு வருவோம். என் முகத்தை வெட்டி, கையில் பிரம்பு சேர்த்து, 'வணக்கம்' என்று எழுதி உங்களில் ஒருவன் ஸ்டிக்கர் செய்திருப்பது எனக்குத் தெரியும். யார் என்பதும் தெரியும். நானே அதைச் சேமித்து என் தம்பிக்கு அனுப்புகிறேன். சம்பந்திக்கு அனுப்பமாட்டேன். ஸ்டிக்கர் தோளில் கைபோடுகிற மாதிரி. யார் தோளில் என்பதுதான் கேள்வி. ஒசாகாவில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளை ஒருவனிடம் இதைக் கேட்டேன். அங்கே எல்லாரும் லைன் என்ற செயலியில் இருக்கிறார்கள். அது 2011-ல் வந்தது, அந்த வருடமே ஸ்டிக்கரும் வந்துவிட்டது, நமக்கு வாட்ஸ்அப்பில் 2018-ல்தான் கிடைத்தது. 'காலை வணக்கம்', 'இன்றைக்கு நல்லா உழைச்சீங்க' என்றெல்லாம் காசு கொடுத்து ஸ்டிக்கர் வாங்கி வைத்திருப்பார்களாம். ஆனாலும் இவன் மேலதிகாரிக்கு முதலில் எழுத்தில்தான் வணக்கம் சொல்வானாம். அவர் ஒரு ஸ்டிக்கர் போட்டுவிட்டால், அதன்பிறகு இவனும் போடுவான். கதவை யார் திறக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் இருக்கிறது.

அவன் இன்னொன்றும் சொன்னான். நடுத்தர வயது ஆண்கள் வரிக்கு வரி எமோஜி போட்டு எழுதுவதை அங்கே இளசுகள் 'ஓஜிசான் எழுத்து' என்று கேலி செய்வார்களாம். ஓஜிசான் என்றால் மாமா. ஆக, எமோஜி கண்டுபிடித்த நாட்டிலேயே எமோஜி போடுகிற மாமாவுக்கு மரியாதை இல்லை. அங்கிள் குரூப், பூமர் என்று எங்களைச் சொல்கிறீர்களே, உலகம் முழுக்க ஒரே பாட்டுத்தான். உங்களுக்கும் ஐம்பது நெருங்குகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

"விடியற்காலையில் டிங் டிங் என்று தூக்கம் கெடுகிறது சார்" என்று ஒருவன் எழுதியிருந்தான். நியாயம். டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சத்தமில்லாமல் அனுப்ப ஒரு வழி உண்டு, அங்கே ஆறு மணிக்கு அப்படித்தான் அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் சத்தத்தை வாங்குகிறவர்தான் அடக்க வேண்டும், அனுப்புகிறவரால் ஆகாது. அதனால் இந்தக் குழுவுக்கு ஏழு மணிக்கு முன்னால் எதுவும் அனுப்பமாட்டேன். சாவுச் செய்திக்கு மட்டும் நேரம் கிடையாது.

ஆகவே அட்மின் தம்பி, உன் விதியைக் கிழித்துவிட்டு இப்படி எழுது: வேறு இடத்திலிருந்து தள்ளிவிட்ட படம் கூடாது. துக்கச் செய்தி வந்த நாளில் அந்தச் செய்திக்குள்ளேயே கும்பிட வேண்டும். சொந்தக் குரலும் சொந்தச் சொல்லும் எப்போதும் வரலாம். இதற்கு எத்தனை கட்டைவிரல் வருகிறது என்று பார்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் குழுவில் என் குரல் வரும். லாரிக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்கப்போகிறேன். அட்மினுக்கு அதை அழிக்கிற அதிகாரம் உண்டு, எனக்குத் தெரியும்.