நூறு கட்டங்களில் தமிழ்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள வசிப்போரில் 2.5 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ். இந்த ஒரே எண்ணைச் சமூக மன்றச் சுவரொட்டியிலோ பள்ளித் திட்டப்பணியிலோ காட்ட வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவது?

வட்ட விளக்கப்படத்தில் 2.5 விழுக்காடு மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். அது இரண்டா நான்கா என்று கண்ணால் சொல்ல முடியாது. இங்கு கைகொடுப்பது ‘வாஃபிள்’ படம். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம், மொத்தம் நூறு. ஒரு கட்டம் ஒரு விழுக்காடு. கீழ் வரிசையின் இடப்பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக ஒரே நிறத்தில் நிரப்பி, மற்றவற்றை வெளிர் சாம்பலில் விடவேண்டும். நிறக் கட்டங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிட்டால் பார்ப்பவர் எண்ணத் திணறுவார்.

ஆனால் 2.5க்கு ஒரு சிக்கல். இரண்டு கட்டம் நிரப்பினால் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று நிரப்பினால் அதே அளவு கூடுகிறது. கட்டத்துக்குப் பதில் மனித உருவம் வைத்தால், அரை மனிதரை வரைய நேரும். அதற்கு எளிய வழி, மொத்தத்தை மாற்றுவது. 2.5 விழுக்காடு என்றால் 40 பேரில் ஒருவர். எட்டெட்டாக ஐந்து வரிசையில் 40 உருவங்களை வரைந்து, ஒன்றுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். ஏறக்குறைய ஒரு வகுப்பறை. அதில் ஒரு மாணவர். யாருக்கும் புரியும்.

உருவங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். ஓர் உருவத்தை இருமடங்கு உயரமாக்கினால் அகலமும் கூடி, பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் வகுத்த விதியும் இதுதான்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த நூறு பேர் யார் என்பது. அதே கணக்கெடுப்பில் இந்தியர்களை மட்டும் எடுத்தால், வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் நூற்றுக்குச் சுமார் 27 பேர். மக்கள் பெரும்பாலும் அதே மக்கள்தான். முதல் படத்தில் இரண்டரைக் கட்டம்; இரண்டாவதில் கிட்டத்தட்ட மூன்று வரிசை. முதலாவதைப் பார்ப்பவர் தமிழ் சிறு துளி என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் நால்வரில் ஒருவருக்கு மேல் என்பார். இரண்டும் உண்மை.

இன்னொன்றும் உண்டு. ‘வசிப்போர்’ என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவை நிறைக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் இந்த நூறில் இல்லை. ஆங்கிலம் அதிகமாகவும் தமிழ் கொஞ்சமாகவும் பேசுவோரும் நிறக் கட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

ஆகவே படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘40 உருவங்கள் = ஐந்து வயதுக்குக் குறையாத குடிமக்கள், நிரந்தரவாசிகள்; நிறமுள்ளவர் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுபவர்; 2020’. அந்த வரி இல்லாத படத்தைக் கண்டால், கட்டங்களை எண்ணுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.