நிரம்பிய துறையா, நிரப்பாத துறையா?

"பி.எட். படிக்காதே, அந்தத் துறை எப்பவோ நிரம்பிப் போச்சு." கிராமத்தில் முதல் பட்டதாரியாக நிற்கும் நம் தம்பி தங்கைகள் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர்கள் பெரும்பாலும் கணக்கு எதையும் பார்த்திருப்பதில்லை. தமிழ்நாட்டின் பட்டதாரி ஆசிரியர் பணியை வைத்தே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஆள் எண்ணிக்கை. 2022-ஆம் ஆண்டுக்கான தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை எழுதியவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர், தேறியவர்கள் 15,430 பேர். "இரண்டரை லட்சம் பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள்" என்று பயமுறுத்துபவர்கள் இந்த முதல் எண்ணைத்தான் எடுக்கிறார்கள். அது ஒரே ஆண்டில் படித்து வெளியே வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, பல ஆண்டுகளாகச் சேர்ந்த கூட்டம். தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்களும் அதில் உண்டு. அடுத்து, 2023 இறுதியில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,222 இடங்களுக்குப் போட்டித் தேர்வை அறிவித்தபோது, விண்ணப்பித்தவர்கள் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். தகுதித் தேர்வில் முன்பே தேறியவர்கள்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஆக உண்மையான போட்டி நாற்பதாயிரம் பேருக்குள்தான்.

வகுத்துப் பாருங்கள். ஓர் இடத்துக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் வருகிறது. சரி, நெரிசல்தான் என்று அங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த 2,222 என்ற எண் எங்கிருந்து வந்தது?

2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு உத்தரவிட்டது. மொத்தம் 13,331 காலி இடங்கள். அவற்றில் பட்டதாரி ஆசிரியர் இடங்கள் மட்டும் 5,154. அரசே ஒப்புக்கொண்ட காலி இடம் ஐயாயிரத்தைத் தாண்டியிருக்க, அடுத்த ஆண்டு தேர்வுக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள், அப்போதும் 3,192தான். 5,154 இடங்களும் தேர்வுக்கு வந்திருந்தால் ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான். ஆகவே 'காலியிடம்' என்று செய்தித்தாளில் வரும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது அறிவிக்கப்பட்ட இடம். வகுப்பறையில் ஆள் இல்லாத இடம் வேறு எண்.

மூன்றாவது சம்பளம். இங்கேதான் விஷயம் வெளிச்சத்துக்கு வருகிறது. நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், அகவிலைப்படி தனி. அதே பாடத்தை நடத்த அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியருக்கு 2022-இல் நிர்ணயித்த தொகுப்பூதியம் 10,000 ரூபாய். ஒரே நாற்காலிக்கு இரண்டு விலை. 36,400 என்பது அரசாணையில் முடிவானது. துறையில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் அது அசையாது, அதனால் நெரிசலை அளக்க அது உதவாது. 10,000 ரூபாய்க்கும் ஆள் வந்தார்கள் பாருங்கள், அதுதான் அளவுகோல். நான் விசாரித்த சிறு நகரத் தனியார் பள்ளிகளிலும் புதிதாகச் சேரும் பி.எட். பட்டதாரிக்கு அந்தத் தொகையைச் சுற்றித்தான் கொடுக்கிறார்கள். ஆள் தட்டுப்பாடு உள்ள தொழிலில் இப்படி நடக்காது, சம்பளத்தைக் கூட்டித்தான் கூப்பிடுவார்கள்.

ஆக, துறை நெரிசல்தான், அதை மறைக்கத் தேவையில்லை. எல்லா இடத்தையும் நிரப்பினாலும் எட்டில் ஏழு பேர் வெளியேதான் நிற்பார்கள். ஆனால் பட்டதாரிகள் பெருகியதால் மட்டும் வந்த நெரிசல் அல்ல இது. இருக்கும் இடங்களைப் பூட்டிவைத்து, வெளியே நிற்பவர்களிடமே பத்தாயிரத்துக்கு வேலை வாங்கியதாலும் வந்தது. முதலாவதைச் சொல்பவர்கள் இரண்டாவதைச் சொல்வதே இல்லை. (சொல்பவர் பெரும்பாலும் நிரந்தரப் பணியில் இருப்பவர் என்பது தனிக் கதை.)

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நிரந்தர நியமனம் இனச் சுழற்சிப்படி நடக்கும். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். 5,154 இடங்களில் அது ஏறக்குறைய 930, 2,222 இடங்களில் 400. தேர்வுக்கு வராத ஒவ்வோர் ஆயிரம் இடத்திலும் நம் பங்கு 180 முடங்கிக் கிடக்கிறது.

பி.எட். சேருவதா என்று யோசிப்பவர்கள் கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம். உங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். உங்கள் பாடத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, பணியில் இருப்பவர் எத்தனை, அடுத்த மூன்று ஆண்டில் ஓய்வு பெறுவோர் எத்தனை, தொகுப்பூதியத்தில் இருப்பவர் எத்தனை என்று கேளுங்கள். பாடம் வாரியாகக் கேட்பது முக்கியம், ஏனென்றால் கணிதத்தில் இருக்கும் நிலை வரலாற்றில் இருக்காது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதுவரை சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.